திவசத் தேதியைக் குறித்து வைப்பதில் நேரும் தவறுகள்

அப்பா இறந்த ஆங்கிலத் தேதியைக் கைப்பேசியில் போட்டு, 'ஆண்டுதோறும்' என்று அமைத்துவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. திவசத்துக்குக் கணக்கு தமிழ் மாதம், பிறை, திதி ஆகிய மூன்றும்தான்.

2023 அக்டோபர் 14 அன்று, புரட்டாசி அமாவாசையில் ஒருவர் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். 2024இல் அந்த அமாவாசை அக்டோபர் 2ஆம் தேதியே வந்துவிட்டது. கைப்பேசி அக்டோபர் 14 அன்று மணி அடிக்கும்போது திவசம் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும்.

"வருஷத்துக்குப் பதினோரு நாள் முன்னால் வரும், கழித்துக்கொண்டால் போதும்" என்பார்கள். பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான் என்பதால் இதில் பாதி உண்மை இருக்கிறது. 2025இல் செப்டம்பர் 21 வந்தது, சரி. அதிலிருந்தும் பதினொன்றைக் கழித்தால் 2026 செப்டம்பர் 10. அது இன்னும் ஆவணி! புரட்டாசி அமாவாசை அந்த வருடம் அக்டோபர் 10. கழித்துக்கொண்டே போனவர் ஒரு மாதம் முன்னதாகவே செய்துவிடுவார். (சாந்திரமான மாதத்தைப் பின்பற்றும் தெலுங்கு, கன்னடக் குடும்பங்களுக்கு மாதக் கணக்கு வேறு.)

இதைவிட ஆழமான தவறு முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது. அன்றைய காலண்டர் தாளில் 'தசமி காலை 9.10 வரை' என்று இருக்கும். துக்கத்தில் யாரோ 'தசமி' என்று எழுதி வைத்துவிடுவார்கள். உயிர் பிரிந்தது பதினொரு மணிக்கு என்றால் திதி ஏகாதசி. ஆகவே திதியோடு உயிர் பிரிந்த நேரத்தையும், வளர்பிறையா தேய்பிறையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். திதி தவறு என்று பின்னால் சந்தேகம் வந்தால், தேதியும் நேரமும் இருந்தால் போதும், பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திருத்திவிடலாம்.

திவச நாளைத் தேடும்போதும் இதே கவனம் வேண்டும். ஒரு திதி பத்தொன்பது மணி நேரத்தில் முடியும், இருபத்தாறு வரையும் நீளும். அதனால் இரண்டு நாள்களில் பரவி நிற்கும். காலண்டர் தாளில் முதலில் போடுவது சூரிய உதயத்தில் இருக்கும் திதியை. சிராத்தத்துக்குப் பார்ப்பதோ அபராண்ணத்தை, அதாவது பகலை ஐந்தாகப் பிரித்தால் வரும் நான்காம் பங்கை. ஆறுக்கு ஆறு பகல் என்றால் ஏறக்குறைய 1.12 முதல் 3.36 வரை. அந்த நேரத்தில் எந்த நாளில் திதி இருக்கிறதோ அதுதான் நாள்.

சில மாதங்களில் ஒரே திதி தொடக்கத்திலும் கடைசியிலும் இரண்டு முறை வரும். பெரும்பாலும் பின்னதைக் கொள்வார்கள் என்றாலும், விலக்குகள் உண்டு. திவசம் செய்து வைக்கும் வாத்தியாரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நான் 'ஆண்டுதோறும்' பக்கமே போவதில்லை. சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்ததும், வீட்டில் உள்ள எல்லாத் திவசத்துக்கும் அந்த ஒரு வருடத் தேதியை மட்டும் பார்த்து, ஒவ்வொன்றையும் தனியாகப் போடுகிறேன். நினைவூட்டல் பதினைந்து நாள் முன்னால் அடிக்கும், வாத்தியாருக்குச் சொல்ல அவ்வளவு அவகாசம் வேண்டும். குறிப்பில் தேதிக்குப் பக்கத்திலேயே 'புரட்டாசி, தேய்பிறை, அமாவாசை' என்று மூலக் கணக்கும் இருக்கும்.