பேச்சுத் தேர்வில் லிவ் எங்கே லீவ் ஆகிறது

படிப்பு அனுமதியிலோ வேலை அனுமதியிலோ கனடாவுக்கு வந்து, நிரந்தர வதிவிடத்துக்காக ஐஈஎல்டிஎஸ் எழுதவிருப்பவர்கள் அதன் பேச்சுப் பகுதிக்கு எப்படி மதிப்பெண் இடப்படுகிறது என்பதை முதலில் அறிந்திருக்க வேண்டும். 11 முதல் 14 நிமிடங்கள் நடக்கும் நேர்காணலில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம பங்கு உண்டு. தமிழ்ச் சாயல் இருப்பதற்காக மட்டும் உச்சரிப்பு மதிப்பெண் குறைவதில்லை. கேட்பவருக்குச் சிரமமின்றிப் புரியாதபோதுதான் குறைகிறது. ஆகவே, ஒரு சொல்லை வேறொரு சொல்லாகக் கேட்கச் செய்யும் ஒலிகளை மட்டும் தேர்ந்து திருத்துவதே பயன் தரும்.

அந்த நேர்காணலின் இரண்டாம் பகுதியில், நீங்கள் வசிக்கும் வீட்டைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மனைவியுடன் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஒருவர், "ஐ லிவ் வித் மை வைஃப் ஆன் த தேர்ட் ஃப்ளோர்" என்று தொடங்குவார். நம்மவர்களுக்குச் சிக்கல் தரும் மூன்று ஒலிகளும் இந்த ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன.

முதலில் திருத்த வேண்டியது லிவ். அது லீவ் என்று கேட்டால், "மனைவியுடன் புறப்படுகிறேன்" என்று பொருள் மாறிவிடும்; அந்த வாக்கியமும் இலக்கணப்படி சரியானதாகவே இருப்பதால், கேட்பவருக்குப் பிழை என்று ஊகிப்பது எளிதல்ல. இடு, ஈடு என்று குறிலையும் நெடிலையும் பிறந்தது முதல் பிரித்துப் பேசும் நமக்கு இது ஏன் தடுமாறுகிறது? தமிழில் இ, ஈ இரண்டுக்கும் நாவின் நிலை ஏறக்குறைய ஒன்றே. மாத்திரை மட்டுமே வேறுபடும். ஆங்கிலத்தில் நாவின் நிலையும் மாறுகிறது. அதோடு, உயிரொலியின் நீளம் அதை அடுத்து வரும் மெய்யைப் பொறுத்துக் கூடவும் குறையவும் செய்யும். லிவ் என்பதில் அடுத்து வருவது தொண்டை அதிர ஒலிக்கும் குரலுள்ள மெய் என்பதால் அதன் குறில் சற்று நீள்கிறது. இருக்கையைக் குறிக்கும் சீட் என்பதில் அடுத்து வருவது குரலற்ற மெய் என்பதால் அதன் நெடில் சுருங்குகிறது. மாத்திரையை மட்டும் அளந்து பழகிய நம் காது இரண்டு இடத்திலும் ஏமாறுகிறது.

எனவே நீளத்தை விட்டுவிட்டு நாவின் நிலையைத் திருத்துங்கள். இ என்று சொல்லிக்கொண்டே தாடையைச் சற்றுத் தளர்த்தி, எ என்ற ஒலியை நோக்கி இறங்கி, அதை எட்டுமுன் நில்லுங்கள்: அதுவே லிவ் என்பதன் உயிரொலி. லீவ் என்பதற்கு உதடுகள் புன்னகைப்பதுபோல் விரிய வேண்டும். லிவ் என்பதை வேண்டுமென்றே இழுத்துச் சொன்ன பிறகும் அது லீவ் ஆக மாறவில்லையென்றால் நிலை சரியாக அமைந்துவிட்டது என்று கொள்ளலாம். நிறைந்தது என்ற பொருளில் வரும் ஃபுல்லையும் முட்டாளைக் குறிக்கும் ஃபூலையும் பிரிப்பதற்கும் இதே முறைதான். ஃபூலுக்கு உதடுகள் இறுக்கமாகக் குவியும்.

அடுத்தது வி, டபிள்யூ. தமிழ் வகரத்தில் கீழுதடு மேற்பற்களை நெருங்குகிறது, ஆனால் அழுந்துவதில்லை. ஆங்கிலக் காதுக்கு அது இரண்டுக்கும் நடுவே விழுவதால், எதிர்பார்த்ததற்கு மாறானதாகவே கேட்கிறது. லிவ் என்பதன் முடிவில் மேற்பல் கீழுதட்டில் பட்டு அதிர வேண்டும். அந்த அதிர்வை மூச்சுள்ளவரை நீட்ட முடியும். வித், வைஃப் இரண்டுக்கும் பல் உதட்டில் படவே கூடாது. உகரத்துக்குக் குவிப்பதுபோல் உதடுகளைக் குவித்து, "உஇத்", "உஐஃப்" என்று தொடங்கி விரைவாகத் திறந்தால் ஒலி வந்துவிடும். கண்ணாடியில் பார்த்தால் பிழை உடனே தெரியும். புதிதாகப் பழகுபவர்கள் சில நாட்களில் எல்லா வகரத்துக்கும் பல்லை அழுத்தத் தொடங்குவார்கள். "வெரி வெல்" என்ற தொடரில் முதற்சொல்லுக்குப் பல்லும் இரண்டாவதற்கு உதடும் மாறி மாறி வருவதால், அந்த மிகைத் திருத்தத்தைப் பிடிக்க அது நல்ல சோதனை.

டி, எச் சேர்ந்து வரும் ஒலியை மூன்றாவதாக வைக்கிறேன், ஏனெனில் தேர்ட் என்பதைத் தமிழ்த் தகரத்தோடு சொன்னாலும் பெரும்பாலும் புரிந்துவிடும். தகரத்தில் நா பல்லில் ஒட்டிக் காற்றை அடைக்கிறது. ஆங்கில ஒலியில் நாநுனி பல்லோரத்தை மெல்லத் தொட, காற்று நிற்காமல் கசிய வேண்டும். "அது" என்று இயல்பாகச் சொல்லும்போது நடுவில் வரும் மென்மையான தகரம் ஏற்கெனவே அந்த ஒலியை ஒட்டியதுதான். அதை நீட்டிப் பிடித்தால் மதர், ஃபாதர் ஆகியவற்றின் ஒலி கிடைக்கும். குரலை நிறுத்தி வெறுங்காற்றை விட்டால் தேர்ட், திங்க் ஆகியவற்றின் ஒலி கிடைக்கும். நாவை வெளியே நீட்ட வேண்டியதில்லை. நீட்டினால் அடுத்த ஒலிக்குத் திரும்ப நேரமாகி, சரளம் குறையும்.

திருந்தியதா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள், ஏனெனில் சொல்ல நினைத்ததையே உங்கள் காது கேட்கும். லிவ், லீவ் போன்ற இணைகளைத் தாளில் எழுதி, ஆங்கிலத்தில் வளர்ந்த உறவினர் ஒருவரிடமோ உடன் வேலை செய்பவரிடமோ கொடுத்து, நீங்கள் வரிசை மாற்றிச் சொல்லும் சொல்லை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். அவர் தவறாகத் தொடும் இணையே அன்றைய பயிற்சி.