தவறான இரத்தப் பரிசோதனை அறிக்கைக்கு ஆய்வகத்திடம் புகார் எழுதுவது எப்படி: ஒரு பொட்டாசியம் அறிக்கையை முன்வைத்து

இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் என் தந்தைக்கு வழக்கமாகச் செய்யும் சிறுநீரகப் பரிசோதனையின் அறிக்கை, ஒரு மாலை நேரத்தில் கைப்பேசிக்கு வந்தது. பொட்டாசியம் லிட்டருக்கு 7.6 மில்லிமோல் என்று அதில் இருந்தது. ஏறக்குறைய 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய அளவு அது. 7-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்பதால், மருத்துவர் உடனே அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னதோடு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். அங்கே எடுத்த இதய மின்பதிவில் எந்தக் கோளாறும் இல்லை. மீண்டும் எடுத்த இரத்தத்தில் பொட்டாசியம் 4.4. இருந்தாலும் ஒரு இரவு முழுவதும் கண்காணிப்பில் வைத்திருந்து, காலையில் மூன்றாவது முறையாக இரத்தம் எடுத்துப் பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இப்படி ஒரு செலவும் அலைச்சலும் நேர்ந்தபின் ஆய்வகத்திடம் புகார் கொடுக்க நினைப்பவர் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை, இந்த ஒரே நிகழ்வைக் கொண்டு படிப்படியாக எழுதுகிறேன். தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அறிக்கை தவறாக இருக்கலாம் என்று தோன்றினாலும், மருத்துவர் அவசரம் என்று சொன்னால் முதலில் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அது பிழையா இல்லையா என்பதை அங்கே எடுக்கும் இரத்தம் சொல்லட்டும்.

படி 1: அது உண்மையிலேயே பிழைதானா என்று பாருங்கள்

இரண்டு அறிக்கைகளில் எண்கள் வேறுபடுவதாலேயே ஒன்று தவறாகிவிடாது. பொட்டாசியம் ஒரு நாள் 4.1 ஆகவும் மறுவாரம் 4.6 ஆகவும் இருப்பது இயல்பு. 7.6 என்ற எண் சில மணி நேரத்தில், எந்தச் சிகிச்சையும் இல்லாமல், 4.4 ஆக இறங்குவது இயல்பன்று. 'எந்தச் சிகிச்சையும் இல்லாமல்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பொட்டாசியத்தைக் குறைக்கும் மருந்து கொடுத்தபின் எடுத்த இரத்தத்தில் அளவு சரியாக இருந்தால், மருந்து வேலை செய்தது என்று ஆய்வகம் சொல்லிவிடலாம். ஆகவே இரண்டாவது மாதிரி எடுத்த நேரமும் முதல் மருந்து கொடுத்த நேரமும் மருத்துவமனைக் குறிப்பில் தனித்தனியே பதிவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள். என் தந்தைக்கு மருந்து எதுவும் கொடுப்பதற்கு முன்பே இரத்தம் எடுத்திருந்தார்கள். அந்த ஒரு வரியே பின்னாளில் எங்களுக்குப் பெரிய துணையாக அமைந்தது.

படி 2: அறிக்கையின் மற்ற வரிகளையும் படியுங்கள்

பலர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். பெரிய எழுத்தில் சிவப்பாகத் தெரியும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மற்றவற்றைக் கடந்துவிடுகிறோம். எங்கள் அறிக்கையில் பொட்டாசியத்துக்கு நான்கு வரி கீழே கால்சியம் டெசிலிட்டருக்கு 5.2 மில்லிகிராம் என்று இருந்தது, ஏறக்குறைய 8.5-க்கு மேல் இருக்க வேண்டியது அது. அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் வெறும் 12 அலகுகளே. கால்சியம் உண்மையிலேயே அவ்வளவு இறங்கியிருந்தால், பெரும்பாலும் விரல்கள் மரத்துப்போய்த் தசைகள் இழுக்கத் தொடங்கியிருக்கும். என் தந்தையோ நாற்காலியில் அமர்ந்து, எதற்கு இந்தப் பரபரப்பு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த மூன்றும் ஒன்றாக வருவதற்கு, இரத்தப் பரிசோதனைத் துறையில் இருப்பவர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு காரணம் உண்டு. இரத்த அணுக்களை எண்ணுவதற்கான ஊதா மூடிக் குழாயில், இரத்தம் உறையாமலிருக்க இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் பொட்டாசிய உப்பைப் பூசியிருப்பார்கள். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் இரத்தம் உறைவதில்லை. அந்தக் குழாயில் இரத்தத்தை முதலில் எடுத்துவிட்டு, மற்றக் குழாயில் இரத்தம் போதவில்லை என்று அதிலிருந்து கொஞ்சம் ஊற்றினால், வேதிப்பொருளும் சேர்ந்தே போய்விடும். அதிலுள்ள பொட்டாசியம் அளவை ஏற்றிக் காட்டும். கால்சியம் பிடிபட்டுக் குறைந்து தெரியும். துத்தநாகமும் மக்னீசியமும் பிடிபடுவதால் அந்த நொதியும் செயலிழந்து காணப்படும்.

மாதிரி கெடுவதற்கு வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுக்கள் உடைந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியேறும், ஆனால் அதில் கால்சியம் இப்படி வீழ்வதில்லை. பெரும்பாலும் அறிக்கையின் அடியில் அதுபற்றி ஒரு குறிப்பும் இருக்கும். மாதிரி மாறிப்போயிருந்தால் ஒன்றிரண்டு அளவுகளோடு நில்லாமல், பல அளவுகள் உங்கள் பழைய அறிக்கைகளோடு ஒட்டாமல் நிற்கும்.

படி 3: மாதிரியை அழிக்க வேண்டாம் என்று அன்றே எழுதுங்கள்

பரிசோதித்து மீந்த இரத்த மாதிரியை ஆய்வகங்கள் சில நாள்களே குளிரூட்டியில் வைத்திருக்கும், அதன்பின் கழிவாகிவிடும். ஆகவே முழுப் புகாரைப் பிறகு எழுதிக்கொள்ளலாம், ஆனால் மாதிரியைப் பாதுகாக்கக் கோரும் இரண்டு வரி மின்னஞ்சலைத் தாமதிக்கக் கூடாது. தொலைபேசியில் சொல்வது போதாது; நீங்கள் சொன்னதற்கு அங்கே பதிவு இருக்காது.

மீண்டும் சோதிப்பதால் என்ன தெரியும் என்று கேட்கலாம். அதே மாதிரியில் இப்போது கால்சியம் இயல்பாக வந்தால், தவறு கருவியிலோ பதிவேற்றத்திலோ நடந்திருக்கிறது. மீண்டும் 5.2-ஐ ஒட்டியே வந்தால், கருவி சரி, மாதிரிதான் கெட்டது. பொட்டாசியத்தை மட்டும் மீண்டும் பார்த்து முடிவு செய்வதை ஏற்காதீர்கள். மாதிரி அணுக்களிலிருந்து பிரிக்கப்படாமல் குளிரில் இருந்திருந்தால் அந்த அளவு தானாகவே ஏறியிருக்கும்.

படி 4: செலவைப் பிரித்து எழுதுங்கள்

மூன்று பத்திகள் கொண்ட ஒரு பட்டியல் போதும்: நாளும் நேரமும், என்ன செலவு, அந்தச் செலவைச் செய்யச் சொன்னது யார். மூன்றாவது பத்திதான் செலவையும் தவறான அறிக்கையையும் இணைக்கிறது. இரவுக் கண்காணிப்புக் கட்டணத்தை எழுதுவதோடு, 'பொட்டாசியம் 7.6 என்ற அறிக்கையின் பேரில் அனுமதிக்கப்பட்டார்' என்ற மருத்துவரின் குறிப்பையும் அதனருகே சேர்க்க வேண்டும். அன்றைய நாளில் எப்படியும் ஆகியிருக்கக்கூடிய செலவைச் சேர்க்காதீர்கள். காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்ட தொகையையும் உங்கள் இழப்பாகக் காட்டக் கூடாது; ஒரு வரி மிகையாக இருந்தால் மற்ற வரிகளின் மீதும் ஐயம் விழும்.

படி 5: புகாரின் மையத்தைச் சரியாக அமையுங்கள்

'எங்களுக்கு வந்த மாதிரியில் இருந்ததைத்தான் அறிவித்தோம்' என்பது ஆய்வகங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். இரத்தம் எடுத்ததும் அவர்களுடைய ஊழியர் என்றால் அந்தப் பதில் நிற்காது. வேறு இடத்தில் எடுத்து அனுப்பப்பட்டது என்றாலும், கையொப்பமிட்டவர் கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் ஒரே தாளில் பார்த்தபின் எப்படி வெளியிட்டார் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஆகவே 'தவறு செய்துவிட்டீர்கள்' என்று எழுதுவதைவிட, 'வெளியிடுமுன் என்ன சரிபார்த்தீர்கள்' என்று கேட்பது பலன் தரும். எங்கள் கடிதத்தின் உடற்பகுதி ஏறக்குறைய இவ்வாறு இருந்தது:

> மதிப்பிற்குரிய தர மேலாளர் அவர்களுக்கு,
>
> பொருள்: (அறிக்கை எண்) என்ற அறிக்கையின் பிழை குறித்த புகார்.
>
> (நாள், நேரம்) அன்று தங்கள் ஊழியர் எடுத்த மாதிரியில் பொட்டாசியம் 7.6, கால்சியம் 5.2, அல்கலைன் பாஸ்பட்டேஸ் 12 என்று அறிவிக்கப்பட்டது. அதே இரவில், எந்த மருந்தும் கொடுக்குமுன், மருத்துவமனையில் எடுத்த மாதிரியில் பொட்டாசியம் 4.4, கால்சியம் 9.3 என இருந்தன. இரு அறிக்கைகளும் மருத்துவரின் குறிப்பும் இணைக்கப்பட்டுள்ளன.
>
> இந்த மூன்று அளவுகளும் ஒன்றாக மாறியிருப்பது, ஊதா மூடிக் குழாயின் வேதிப்பொருள் கலந்திருக்கலாம் என்று ஐயுற வைக்கிறது. ஆகவே கீழ்க்காண்பவற்றை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்: குழாய்கள் எந்த வரிசையில் நிரப்பப்பட்டன, வெளியிடுமுன் இந்த அளவுகள் முந்தைய அறிக்கையோடு ஒப்பிடப்பட்டனவா, மீந்த மாதிரியில் கால்சியத்தை மீண்டும் சோதித்ததில் கிடைத்த முடிவு என்ன.
>
> திருத்திய அறிக்கையையும், இணைத்துள்ள பட்டியலின்படி செலவுத் தொகையையும் 15 நாள்களுக்குள் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

காரணத்தை 'ஐயுற வைக்கிறது' என்று எழுதியதைக் கவனியுங்கள். எண்களை உறுதியாகச் சொல்லுங்கள், காரணத்தை ஐயமாகச் சொல்லுங்கள். காரணம் வேறாக இருந்தால் அதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்களுடையதாகிவிடும்.

படி 6: அனுப்பியபின்

வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டு வராமல், தர மேலாளருக்கும் ஆய்வக இயக்குநருக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, புகார் எண் கேளுங்கள். ஆய்வகம் ஐ.எஸ்.ஓ. 15189 தரச் சான்று பெற்றிருந்தால், புகாரைப் பெற்றதாக அறிவிப்பதும், அந்தப் பிழையில் தொடர்பில்லாத ஒருவர் தீர்வை முடிவு செய்வதோ சரிபார்ப்பதோ அந்தத் தரநெறியின் தேவைகள். பதில் வரவில்லை என்றால் சான்றளித்த அமைப்புக்கு எழுதலாம். ஆனால் அவர்கள் பார்ப்பது ஆய்வகத்தின் நடைமுறையைத்தான். பணத்தைப் பெற நுகர்வோர் குறைதீர் அமைப்பைத்தான் நாட வேண்டியிருக்கும்.

எங்களுக்கு வந்த முதல் பதில், நான் முன்பே சொன்ன அந்த ஒற்றை வரிதான். மாதிரி மீள்சோதனை என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டுத் திருப்பி எழுதினோம். ஒரு வாரம் கழித்து, கால்சியம் மீண்டும் 5.3 வந்ததாகவும் மாதிரி கலப்படமானதை ஏற்பதாகவும் பதில் வந்தது. சோதனைக் கட்டணத்தையும் மருத்துவமனையின் மறுபரிசோதனைச் செலவையும் கொடுத்தார்கள். போக்குவரத்துச் செலவை மறுத்தார்கள், அதை நாங்கள் விட்டுவிட்டோம். பணத்தோடு ஒப்புகைத் தாள் ஒன்றில் கையொப்பம் கேட்டார்கள். அதில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருந்ததால், திருத்திய அறிக்கை கைக்கு வரும்வரை கையொப்பமிடவில்லை.

அந்தத் திருத்திய அறிக்கையில், பழைய அறிக்கையின் எண்ணும், அது திருத்தப்பட்டது என்ற குறிப்பும், திருத்திய நாளும் இருந்தன. பொட்டாசியத்துக்கு நேரே 'மாதிரி ஏற்கத்தக்கதன்று' என்று மட்டும் இருந்தது. அதன் நகலை மருத்துவமனையிலும் கொடுத்துக் கோப்பில் சேர்க்கச் சொன்னோம். ஆறு மாதம் கழித்து வேறொரு மருத்துவர் திரையில் அந்தப் பழைய 7.6-ஐப் பார்த்து, நிறுத்திய மாத்திரையை மீண்டும் எப்படித் தொடங்கினீர்கள் என்று கேட்டபோது, அடுத்த பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்வதற்கு மேல் எங்களுக்கு வேலை இருக்கவில்லை.