சர்வீஸுக்குப் பின் மைலேஜ் எத்தனை சதவீதம் கூடியது? கணக்கிடும் முறை

என் பைக்கை சர்வீஸ் விட்டு எடுத்தபின் முதல் டேங்கிலேயே மைலேஜ் 22% கூடியதாகக் கணக்கு வந்தது. அடுத்த டேங்கில் பழைய நிலைக்கே இறங்கிவிட்டது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, நான் அளந்த விதம்தான் தவறு.

முதலில் டேங்கை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று பாருங்கள். ஓடிய கிலோமீட்டரை அந்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ்.

நான் சறுக்கியது நிரப்புவதில். சர்வீஸுக்கு முன் 630 கி.மீ.க்கு 15 லிட்டர், அதாவது 42. பின்பு 230 கி.மீ. ஓடி நிரப்பியபோது 4.5 லிட்டர்தான் பிடித்தது, 51 வந்தது. அடுத்த 230 கி.மீ.க்கு 5.5 லிட்டர், மைலேஜ் 41.8. முதல் தடவை வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றதால், அரை லிட்டர் குறைவாகவே டேங்க் நிறைந்ததுபோல் தெரிந்திருக்கிறது. அந்தக் குறை அடுத்த தடவை கூடுதலாகச் சேர்ந்துகொண்டது. 5 லிட்டரில் அரை லிட்டர் பிசகினாலே 10% போய்விடும், சர்வீஸால் கூடுவதே அந்த அளவுதான் இருக்கும்!

அதனால் எப்போதும் சென்டர் ஸ்டாண்டில், சமதரையில், டேங்க் வாயில் ஒரே அடையாளம் வரை நிரப்புங்கள். குறைந்தது மூன்று டேங்க் ஓட்டுங்கள். மூன்று மைலேஜையும் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள்; மொத்த கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள். நடுவில் நேர்ந்த பிசகெல்லாம் அதில் அடிபட்டுப் போகும். எனக்கு மூன்றாவது டேங்கும் சேர்த்து 690 கி.மீ., 15 லிட்டர், மைலேஜ் 46.

இனி சதவீதம்:

```
(புதியது - பழையது) ÷ பழையது × 100
(46 - 42) ÷ 42 × 100 = 9.5%
```

வகுக்க வேண்டியது பழைய மைலேஜால். 46-ஆல் வகுத்தால் 8.7% வரும். அதுவும் ஒரு உண்மையான எண்தான், ஆனால் அது மிச்சமாகும் பெட்ரோலின் சதவீதம்: அதே 630 கி.மீ.க்கு இப்போது 13.7 லிட்டர் போதும்.

இதற்கு ஆப் எதுவும் தேவையில்லை என்பேன். பில்லின் பின்னால் ஓடோமீட்டர் எண்ணை எழுதி வைத்தாலே போதும். டிஸ்ப்ளே காட்டும் சராசரி மைலேஜை நம்பி நான் ஒப்பிடுவதில்லை.

பின்சேர்க்கை: சர்வீஸோடு வேறு அளவு டயர் மாற்றியதாக ஒருவர் எழுதியிருந்தார். அப்போது இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. ஓடோமீட்டர் எண்ணுவது சக்கரச் சுற்றுகளைத்தான். டயர் பெரிதானால் உண்மையில் ஓடியதைவிடக் குறைவாகக் காட்டும். தூரம் தெரிந்த ஒரு சாலையில் ஓட்டி, எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். டயரில் காற்றும் இரண்டு அளவீட்டிலும் ஒன்றாக இருக்கட்டும். காற்று குறைந்திருந்து சர்வீஸில் நிரப்பியிருந்தால், அந்தப் பலனும் இந்த 9.5%க்குள் ஒளிந்திருக்கும்.