விமானம் ரத்து, அடுத்த விமானமும் போச்சு: பணம் கேட்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஆட்களுக்குக் கோயம்புத்தூர்தான் கைக்கெட்டும் விமான நிலையம், அங்கிருந்து சென்னை போய் விமானம் மாறுவது வழக்கம். ஒருவர் அந்தமான் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் கோவை விமான நிலையம் போய்ச் சேர்ந்த பிறகுதான் சென்னை விமானம் ரத்து என்கிறார்கள். சாயங்காலம் வேறு விமானத்தில் ஏற்றுகிறார்கள், போர்ட் பிளேர் விமானம் மறுநாள் காலைதான். ராத்திரி சென்னையில் ஓட்டல் செலவு யாருடையது?

இரண்டும் ஒரே டிக்கெட் எண்ணில் இருந்தால் விமான நிறுவனத்துடையது. பலர் இருநூறு முந்நூறு மிச்சமாகிறதே என்று தனித்தனியாக டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். அப்படியானால் போர்ட் பிளேர் விமான நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராமல் போன பயணி, அவ்வளவுதான். முதல் விமானம் ரத்தானதற்கு உரியதை மட்டும் கேட்கலாம்.

அடுத்த தவறு, மாற்று விமானத்தை ஏற்கச் சொல்லி போனில் வரும் லிங்கை அவசரமாக அமுக்குவது. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி ரத்தானதை முன்கூட்டியே சொல்லாவிட்டாலோ, ஒரே டிக்கெட்டில் உள்ள அடுத்த விமானம் தவறிவிட்டாலோ, உங்களுக்கு ஒத்துவருகிற மாற்று விமானம் தர வேண்டும், இல்லையென்றால் முழுப் பணமும் அதற்கு மேல் இழப்பீடும். இரண்டில் ஒன்றுதான். மாற்று விமானத்தை ஏற்றுக்கொண்டு இழப்பீடும் கேட்டால் கிடைக்காது. இழப்பீடு எவ்வளவு? ஒரு மணி நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்குள் பறக்கும் கோவை–சென்னை மாதிரி விமானத்துக்கு 7,500 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, எது குறைவோ அது. அந்தத் தொகை 3,800 என்றால் கைக்கு வருவதும் 3,800தான். மழை, மூடுபனி போன்ற காரணம் என்றால் இழப்பீடு கிடையாது, ஆனால் பணமோ மாற்று விமானமோ உண்டு. அதனால் ரத்துக்கான காரணத்தை மெயிலிலோ மெசேஜிலோ எழுத்தில் வாங்கி வையுங்கள், பின்னால் பேச்சு மாறும்.

நம்ம ஊரில் டிராவல்ஸ்காரரிடம் டிக்கெட் போடும்போது அவருடைய நம்பரையே கொடுத்துவிடுவது சகஜம். உங்கள் தொடர்பு விவரம் சரியாக இல்லை என்றால் இழப்பீடு தர வேண்டாம் என்று விதியிலேயே இருக்கிறது. உங்கள் நம்பர் போயிருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள்.

ஓட்டல் விஷயம்தான் அதிகம் நழுவுகிறது. விமான நிலையத்துக்கு வந்துவிட்ட பயணி மாற்று விமானத்துக்குக் காத்திருக்கும்போது சாப்பாடு, தேவைப்பட்டால் ஓட்டல், போக்குவரத்து எல்லாம் நிறுவனம் தர வேண்டும். கவுண்டரில் கேட்காமல் நேராகப் போய் அறை எடுத்தால், “நாங்கள் தர மறுக்கவே இல்லையே” என்பார்கள். முதலில் கேளுங்கள், முடியாது என்றால் அங்கேயே நின்றபடி கஸ்டமர் கேருக்கு ஒரு மெயில் போடுங்கள். அப்புறம் நியாயமான வாடகையில் அறை எடுத்து, உங்கள் பெயரில் பில்லும் கார் ரசீதும் வாங்குங்கள். அந்தமானில் முன்பணம் கட்டிய ரிசார்ட் காசு இந்த விதிக்குள் வராது, அதற்கு நுகர்வோர் ஆணையம்தான் வழி.

நிறுவனம் பதில் தராவிட்டால் விமானப் பயணிகளுக்கான மத்திய அரசின் புகார் தளமான ஏர்சேவாவில் புகார் போடுங்கள். அதிலும் சரிவராவிட்டால் வழக்குக்குக் கோவைக்கோ சென்னைக்கோ அலைய வேண்டாம், குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, இரண்டு வருடத்துக்குள் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை.