மிகைவரி எதன்மேல், வற் எதன்மேல்? சுங்கக் கணக்கைச் சரிபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்து, சரக்கு இறக்குமதி செய்யும் அண்ணன் ஒருவர் ஒரு துண்டுக் காகிதத்தை என் மேசையில் வைத்தார். "தீர்வை இருபது, மிகைவரி பத்து, துறைமுக வரி ஐந்து, வற் பதினெட்டு. கூட்டினால் ஐம்பத்து மூன்று. பத்து இலட்சம் ரூபாய்ச் சரக்குக்கு ஐந்து இலட்சத்து முப்பதாயிரம். சரிதானே தம்பி?"

சரியில்லை. ஆனால் உண்மையான விடை 516,600 ரூபாய். இரண்டும் இவ்வளவு நெருங்கி நிற்பதால்தான் இந்தத் தவறு பிடிபடுவதில்லை. விகிதங்களைக் கூட்டிப் போடுகிறவருக்கு விடை ஏறக்குறைய வந்துவிடுகிறது. அடுத்த சரக்கில் விகிதம் மாறியதும் எங்கோ போய்விடுகிறது. (இங்குள்ள விகிதங்கள், வற் தவிர, கணக்கைக் காட்டுவதற்காக எடுத்தவை. உங்கள் சரக்கின் விகிதத்தை, அதை வகைப்படுத்தும் எச்.எஸ். குறியீடுதான் சொல்லும். செஸ், கலால் போன்றவற்றையும் இங்கே ஒதுக்கிவிட்டேன்.)

சரக்கின் விலை, கப்பல் கூலி, காப்புறுதி மூன்றும் சேர்ந்த சி.ஐ.எப். பெறுமதிதான் அடித்தளம். அது 1,000,000 என்று வைத்துக்கொள்வோம். தீர்வை அதன்மேல் 20 சதவீதம்: 200,000. துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி வரியும் அதே சி.ஐ.எப்.மேல்தான், 5 சதவீதம் என்றால் 50,000.

மிகைவரியில்தான் முதல் வழுக்கல். அது பெறுமதியின்மேல் வருவதில்லை, பெறுமதியும் தீர்வையும் சேர்ந்த தொகையின்மேலும் வருவதில்லை. தீர்வையின்மேல் மட்டுமே வரும். ஆகவே 200,000இல் பத்து சதவீதம், 20,000 ரூபாய். அதுவரை சேர்ந்த 1,200,000க்குப் பத்து சதவீதம் போட்டால் 120,000 ஆகிவிடும்; அந்த உபரி நூறாயிரம் பிறகு வற்றுக்குள்ளும் நுழைந்து இன்னும் 18,000 ரூபாயை இழுத்து வரும். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியபோது 20 சதவீதத் தீர்வைக்கு 50 சதவீத மிகைவரி விதிக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்தால் 70 சதவீதம் அல்ல, 30 சதவீதம்.

வற்றுக்கு மட்டும் ஏறிவந்த மொத்தம் தேவைப்படுகிறது. அதிலும் ஒரு ஒளிந்த படி இருக்கிறது. வற்றுக்கான 2002ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கப் பெறுமதி சேர் வரிச் சட்டப்படி, சுங்கப் பெறுமதியைப் பத்து சதவீதம் உயர்த்திய பிறகே மற்றத் தீர்வைகளை அதனோடு சேர்க்க வேண்டும்:

```
1,000,000 + 100,000 + 200,000 + 20,000 + 50,000 = 1,370,000
1,370,000 × 18% = 246,600
```

நடுவில் உள்ள அந்த 100,000 யாரும் கட்டும் பணம் அல்ல. வற் கணக்குக்காக மட்டும் தோன்றி மறையும் தொகை. அதை மறந்தால் வற் 18,000 குறையும். மறக்காமல், கட்ட வேண்டிய பட்டியலிலும் சேர்த்துவிட்டால் நூறாயிரம் கூடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த இரண்டாவது தவறைச் செய்தேன். வாடிக்கையாளர் வங்கிக் காசோலையே எழுதிவிட்டார். கட்டுவது தீர்வை 200,000, மிகைவரி 20,000, துறைமுக வரி 50,000, வற் 246,600. கூட்டினால் 516,600.

கையில் வந்த சுங்கப் பிரகடனத்தைச் சரிபார்க்க மேலிருந்து கீழே மறுபடி கணக்குப் போடாதீர்கள். முதலில் செய்த தவறையே மனம் மறுபடியும் செய்யும். கீழிருந்து போங்கள். வற் தொகையை 0.18ஆல் வகுத்தால் வற்றின் அடித்தளம் வரும். அதிலிருந்து சி.ஐ.எப்., அதன் பத்தில் ஒன்று, தீர்வை, மிகைவரி, துறைமுக வரி என்று ஒவ்வொன்றாகக் கழியுங்கள். பூச்சியம் வர வேண்டும். மிச்சம் நிற்கும் தொகையே குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும்: அடித்தளத்தில் சரியாக 20,000 குறைந்தால் மிகைவரி விடுபட்டிருக்கிறது, 100,000 குறைந்தால் உயர்த்திய பத்து சதவீதம். மிகைவரியை மட்டும் தனியே தீர்வையால் வகுத்துப் பாருங்கள், 0.10க்குப் பதிலாக 0.6 வந்தால் ஏறிவந்த மொத்தத்தின்மேல் யாரோ கை வைத்துவிட்டார்கள்.

பூச்சியம் வந்தும் தொகை பொருந்தவில்லை என்றால் தவறு சி.ஐ.எப்.பிலேயே இருக்கும். இன்வொய்ஸ் கப்பல் கூலி சேராத விலையில் இருப்பதும், வங்கியின் டாலர் விலையைப் போட்டுவிடுவதும்தான் வழக்கம். சுங்கத் திணைக்களத்தின் மாற்று விகிதம் வேறு.

அண்ணன் காகிதத்தைத் திருப்பி, பின்புறத்தில் 246,600ஐ 0.18ஆல் வகுக்க ஆரம்பித்தார்.