குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை கூடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெங்குக் காலங்களில் சிறுதட்டு எண்ணிக்கை இறங்குவதையே பார்த்துப் பழகிய கொழும்பு வாசிகளுக்கு, அது ஏறியிருப்பதாகச் சொல்லும் அறிக்கை புதிய அச்சத்தைத் தருகிறது. வெள்ளவத்தையில் வசிக்கும் முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். களைப்புக்காகச் செய்த பரிசோதனையில் அவருடைய சிறுதட்டுகள் மைக்ரோலீற்றருக்கு 6,40,000 (வழமையான மேல் எல்லை 4,50,000), ஹீமோகுளோபின் 9.2, செங்குழியத்தின் சராசரிக் கனவளவு 68. மாதவிடாய்க் குருதிப்போக்கும் அவருக்கு அதிகம்.

இங்கே முதல் தவறு, எண்ணைப் பார்த்தவுடன் மரபணுப் பரிசோதனைக்கு ஓடுவது. இரும்புச்சத்துக் குறையும்போது என்பு மச்சையின் முன்னோடிக் கலங்கள் செங்குழியப் பாதையை விட்டுச் சிறுதட்டுப் பாதைக்குச் சாய்கின்றன. தொற்றிலும் அழற்சியிலும் ஈரல், சிறுதட்டு உற்பத்தியைத் தூண்டும் திரொம்போபொயட்டினைக் கூடுதலாகச் சுரப்பதால் இதே விளைவு ஏற்படுகிறது. இரண்டும் வேறொரு காரணத்துக்கு உடல் காட்டும் எதிர்விளைவான அதிகரிப்பே. எண் பெரிதாக இருப்பது மட்டும் என்பு மச்சையின் நோயை இதிலிருந்து பிரித்துக் காட்டாது. பத்து இலட்சத்தைத் தாண்டிய எதிர்விளைவு அதிகரிப்பும் உண்டு.

இரண்டாவது தவறு நுட்பமானது: இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வழமையாக இருக்கிறது என்று இரும்புக் குறைபாட்டை நிராகரிப்பது. அழற்சியில் ஃபெரிட்டின் தானே உயரும் என்பதால், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யையும் சேர்த்தே அதை வாசிக்க வேண்டும். இப்பெண்ணின் ஃபெரிட்டின் 8 மட்டுமே, சி.ஆர்.பி.யும் வழமையானது, ஆகவே ஐயத்துக்கு இடமில்லை. மூன்று மாதங்கள் இரும்பு மாத்திரை எடுத்த பின் சிறுதட்டுகள் 3,80,000 ஆக இறங்கினால், காரணம் அதுவே என்று கொள்ளலாம்.

இறங்காவிட்டால்? இங்கேதான் மூன்றாவது தவறு நேர்கிறது: 'இரும்புக் குறைவுதானே' என்று மறுபரிசோதனையைக் கைவிட்டுவிடுவது. இரும்பு நிறைந்த பின்னும் எண்ணிக்கை 4,50,000க்கு மேலேயே நிலைத்தால், அல்லது மண்ணீரல் பெருத்திருந்தால், காரணமின்றிப் பக்கவாதமோ நாளக் குருதியுறைவோ வந்திருந்தால், என்பு மச்சை தானாகவே சிறுதட்டுகளை மிகையாக உருவாக்கும் நோயான எசென்ஷியல் திரொம்போசைத்தீமியாவைத் தேட வேண்டும். மண்ணீரல் பெருக்கமோ இத்தகைய பக்கவாதமோ குருதியுறைவோ இருந்தால் மூன்று மாதங்கள் காத்திருக்கவும் கூடாது. JAK2 மரபணு விகாரம் இந்நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடமோ சற்றுக் கூடுதலானோரிடமோ காணப்படும்; அது இல்லையெனில் CALR மரபணுவையும், பிறகு MPL மரபணுவையும் சோதிக்க வேண்டும். வேறொரு குருதிப் புற்றுநோயை விலக்க BCR-ABL1 பரிசோதனையும் தேவை.

விகாரம் எதுவும் இல்லை என்ற முடிவு நோயில்லை என்ற சான்றிதழ் ஆகாது. பத்தில் ஒருவருக்கோ சற்று அதிகமானோருக்கோ இம்மூன்றும் இல்லாமலே இந்நோய் இருக்கும்; அங்கே என்பு மச்சை மாதிரியைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். JAK2 இருந்தாலும் இந்நோய்தான் என்று முடிவுகட்டவும் இயலாது: இரும்புக் குறைவு, செங்குழியங்கள் பெருகும் பொலிசைத்தீமியாவை மறைத்து வைத்திருக்கக்கூடும்.

வைத்தியர் சொல்லாமல் ஆஸ்பிரின் தொடங்குவது இன்னொரு தவறு. இந்நோயில் எண்ணிக்கை பத்து இலட்சத்தை மீறும்போது, குருதி உறைவதற்கு உதவும் வொன் வில்லபிராண்ட் புரதம் குறைந்துவிடலாம். அவ்வேளையில் ஆஸ்பிரின் உறைவைத் தடுப்பதற்குப் பதிலாகக் குருதிப்போக்கையே வரவழைக்கக்கூடும்.