பிரஷருக்காக ஸ்மார்ட்வாட்ச் வாங்குவதில் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

பணி ஓய்வு பெற்ற அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பிள்ளைகள் ஸ்மார்ட்வாட்ச் வாங்கித் தருவது சிங்கப்பூரில் இப்போது வழக்கமாகிவிட்டது. பழைய முள் கடிகாரம் அன்றே அலமாரிக்குள் போய்விடும். எதைக் கண்காணிக்கப் போகிறோம் என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஏற்கெனவே ரத்த அழுத்தம் இருந்து மாத்திரை சாப்பிடுகிறவருக்கும், எந்த நோயும் தெரியாதவருக்கும் இந்தக் கடிகாரம் ஒரே மாதிரி உதவாது. தெரியாத ஒன்றைக் கண்டுபிடிப்பதில் அது கெட்டி. தெரிந்த நோயை நாள்தோறும் அளந்து சொல்வதில் அது இன்னும் பலவீனம்தான்.

முதல் தவறு, மணிக்கட்டில் வரும் பிரஷர் எண்ணைக் கிளினிக் கருவியின் எண்ணுக்குச் சமமாக எடுத்துக்கொள்வது. பிரஷர் எண் காட்டும் கடிகாரங்களில் பலவும் கையை இறுக்கி அளப்பதில்லை. பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, நாடித் துடிப்பின் வடிவத்தைப் பார்த்துக் கணக்குப் போடுகின்றன. அந்தக் கணக்குக்கு ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். சாம்சங் கடிகாரங்களில் மேற்கையில் கட்டும் பிரஷர் கருவியால் மூன்று முறை அளந்து, அந்த எண்களைச் செயலியில் பதிய வேண்டும். 28 நாளுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். அதாவது, கடிகாரத்தை நம்பினாலும் மேற்கைக் கருவி வீட்டில் இருந்தே ஆகவேண்டும்.

என் புளோக்கில் ஓர் அண்ணன் இருக்கிறார். 68 வயது, பல வருடமாகப் பிரஷர் மாத்திரை எடுக்கிறார். மகள் வாங்கித் தந்த கடிகாரத்துக்குத் தொடக்க அளவு பதிந்த நாளில், அவர் சந்தையிலிருந்து பைகளைத் தூக்கிக்கொண்டு வந்த கையோடு உட்கார்ந்திருக்கிறார். பேசிக்கொண்டே அளந்ததில் கருவி 152 காட்டியது. ஓய்வாக இருக்கும்போது அவருக்கு 136 பக்கம்தான் இருக்கும். அந்த மாதம் முழுக்கக் கடிகாரம் 150ஐச் சுற்றியே எண் சொன்னது. அது 152ஐ அடிப்படையாக வைத்து ஏற்ற இறக்கத்தை மட்டும் கணித்துக்கொண்டிருந்தது. அவரோ மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்து, பலதுறை மருந்தகத்தில் மாத்திரையின் அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்டார். நல்லவேளையாக அங்கிருந்த தாதி உட்காரவைத்து, சற்று நேரம் கழித்து மேற்கையில் அளந்து பார்த்தார். 134. வீட்டில் ஒரு வாரம் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

இப்படிப்பட்ட கோளாறை நாமே கண்டுபிடிக்கலாம். கடிகாரம் காட்டும் எண்ணையும் மேற்கைக் கருவியின் எண்ணையும் ஒரே உட்காரலில், மூன்று நான்கு நாள் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எப்போதும் ஒரே பக்கமாகப் பத்துக்கு மேல் தள்ளியிருந்தால் தொடக்க அளவு தவறு என்று சந்தேகிக்கலாம். மருத்துவர் மாத்திரையை மாற்றிய பிறகும் 28 நாள் காத்திருக்காமல் மறுபடி பதிவது நல்லது. மருந்து ரத்தக்குழாயின் இறுக்கத்தையே மாற்றுகிறது. பழைய கணக்கு அதற்குப் பொருந்தாமல் போகலாம். இதயத் துடிப்பு ஏற்கெனவே சீரற்று இருப்பவர் இந்த முறையை நம்பவே வேண்டாம்.

ஆப்பிள் 2025ல் கொண்டுவந்த வசதி வேறு மாதிரி. அது எண்ணே காட்டாது. 30 நாள் தரவைப் பார்த்து, உயர் ரத்த அழுத்தம் இருக்கலாம் என்று மட்டும் எச்சரிக்கும். ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ளவர் என்று மருத்துவர் சொன்னவர்களுக்கு இது இல்லை என்று நிறுவனமே சொல்கிறது. நம் பெரியவர்களில் எத்தனையோ பேர் அந்த வட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

அதனால் மாத்திரை எடுப்பவருக்கு என் யோசனை: பழைய கடிகாரத்தையே கட்டிக்கொள்ளுங்கள், நல்ல மேற்கைக் கருவி ஒன்று வாங்குங்கள். ஸ்மார்ட்வாட்ச் விலையில் ஒரு பங்குதான் ஆகும். காலையில் மாத்திரை போடுவதற்கு முன்பு ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். பாதம் தரையில், கை இதய மட்டத்தில் இருக்கட்டும். பேச வேண்டாம். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து எழுதுங்கள், மாலையிலும் அப்படியே. ஒரு வாரம் செய்து, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். வீட்டு அளவில் 135/85க்கு மேல் வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சரி, ஸ்மார்ட்வாட்ச் யாருக்கு? இதயத் துடிப்பு சீராக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு அது உண்மையிலேயே உதவும். ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன் எனும் துடிப்புக் கோளாறு வந்து வந்து போகும். மருத்துவரிடம் போகும் நாளில் பிடிபடாமல் தப்பிவிடும். பக்கவாதத்துக்கு அது ஒரு முக்கியக் காரணம். இசிஜி வசதியுள்ள கடிகாரத்தில் விரலை வைத்து 30 விநாடி அசையாமல் இருந்தால் பதிவு கிடைக்கும், அதைப் படமாக மருத்துவருக்குக் காட்டலாம். ஆனால் எல்லா மாடலிலும் இசிஜி இல்லை. ஆப்பிளின் மலிவான எஸ்இ வகையில் கிடையாது. கடையில் கேட்டு உறுதி செய்த பிறகு பணம் கொடுங்கள்.

இங்கேதான் அடுத்த தவறு, உயிருக்கே ஆபத்தான தவறு. கடிகாரம் எதுவும் சொல்லவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று இருந்துவிடுவது. இந்த இசிஜி மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சை அழுத்துகிறது, வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் கடிகாரத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே 995.

தனியாக இருப்பவர்களுக்காக, விழுந்தால் அறியும் வசதியையும் பலர் வாங்குகிறார்கள். ஆப்பிள் கடிகாரம், பலமாக விழுந்தவர் ஒரு நிமிடம் போல அசையாமல் கிடந்தால் அவசர எண்ணை அழைக்கும். அதற்குக் கைத்தொலைபேசி பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது கடிகாரத்துக்கே தனி இணைப்பு வேண்டும். மெதுவாகச் சரிந்து விழுந்தால் அது கவனிக்காமலும் போகலாம். குளிக்கும்போது கழற்றி சார்ஜ் போடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். பெரியவர்கள் வழுக்கி விழுவதற்குக் குளியலறையைவிட வேறு எந்த இடம்? வசந்தத்தில் செய்தி பார்க்க சோபாவில் உட்காரும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள். குளிக்கும்போது கட்டியிருங்கள், சோப்பு படாமல் பார்த்துக்கொண்டு, பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும்.

ஹெல்தி 365 செயலியில் காலடி எண்ணுகிறவர்களுக்கு ஒரு சொல். தேக்கா சந்தையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டோ, கைத்தடி ஊன்றியோ நடந்தால் மணிக்கட்டு அதிகம் ஆடாது. காலடி குறைவாகவே பதிவாகும். நடந்த தூரம் அப்படியே இருக்கும்போது கணக்கு மட்டும் குறைந்தால் உடம்பில் குறை தேட வேண்டாம். கைத்தொலைபேசியைச் சட்டைப்பையிலோ கால்சட்டைப்பையிலோ வைத்து நடந்து, இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த அண்ணன் இப்போது தம் பழைய ஆட்டோமேட்டிக் கடிகாரத்தையே இடக்கையில் கட்டுகிறார். மகளின் பரிசும் வீண் போகவில்லை. பிரஷர் பகுதியை நிறுத்திவிட்டு, தனியாக நடக்கப் போகும் நேரங்களில் வலக்கையில் கட்டிக்கொள்கிறார். அமைப்பில் எந்தக் கை என்பதையும் மாற்றியாயிற்று. மேற்கைக் கருவியில் அளந்த எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அடுத்த மருத்துவச் சந்திப்புக்கு எடுத்துப் போகிறார்.